‘ஆரோ வரல்ல’: சரியா, பிழையா?

மருதமுனையில் பத்துத் தறிகள் ஓடும் ஒரு நெசவுச் சாலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாறன் நெய்கிற சாலை. தறிச் சத்தத்தோடேயே வளர்ந்தவருக்கு எண்ணிப் பார்க்கத் தேவையில்லை. பத்தும் அடிக்கிறதா, ஒன்று குறைகிறதா என்பது வாசலிலேயே காதுக்குத் தெரிந்துவிடும். ஒரு காலையில் சத்தம் கொஞ்சம் குறைவாக இருக்கிறது. உள்ளே எட்டிப் பார்க்காமலே அவர் சொல்கிறார்: “காக்கா, இண்டைக்கு ஆரோ வரல்ல போல.” இன்னொரு காலை, ஹர்த்தால் நாள். சாலையில் சத்தமே இல்லை. அன்றைக்கு அவர் சொல்வது: “இண்டைக்கு ஆரும் வரல்ல.”

இந்த இரண்டு வாக்கியங்களையும் இந்தக் கரையில் பிறந்த எந்தப் பிள்ளையும் குழப்பிக்கொள்ளாது. ஆனால் தமிழைப் புதிதாகப் படிக்கிறவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நாம் ஒரு குறுக்கு விதி சொல்லிவிடுகிறோம்: “உடன்பாட்டு வாக்கியத்தில் ‘யாரோ’, எதிர்மறை வாக்கியத்தில் ‘யாரும்’. ‘யாரோ வந்தார்’ சரி, ‘யாரோ வரவில்லை’ பிழை.” விதி கைக்கு அடக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது உண்மையென்றால், நம்முடைய நெசவுச் சாலைக்காரர் முதல் நாள் பேசியது பிழைத் தமிழாகிவிடும். அவர் பிழை எதுவும் விடவில்லை.

இந்தச் சொற்கள் எப்படி உருவாகின்றன என்பதை முதலில் பார்ப்போம். யார், எது, எங்கே, எப்போது, எப்படி, ஏன் என்பவை வினாச்சொற்கள். அவற்றோடு ‘ஓ’ சேர்ந்தால் யாரோ, ஏதோ, எங்கேயோ, எப்போதோ, எப்படியோ, ஏனோ என்று வரும். ‘உம்’ சேர்ந்தால் யாரும், எதுவும், எங்கேயும். ‘ஆவது’ சேர்ந்தால் யாராவது, ஏதாவது, எங்கேயாவது. ஒட்டுகிற இடமும் முக்கியம். வேற்றுமை உருபு முதலில் வரும், ‘ஓ’ கடைசியில் வரும். யாரையோ, யாருக்கோ, யாரிடமோ என்றுதான் சொல்வோம், ‘யாரோவை’ என்று சொல்வதில்லை.

தமிழில் ‘ஓ’ இதற்கு மட்டும் பயன்படுவதில்லை. “பசீரோ பாறூக்கோ எடுத்திருப்பான்” என்று இரண்டில் ஒன்றைச் சொல்லவும் அதுதான் வருகிறது. “மழை வருமோ” என்று ஐயப்படவும் அதே ‘ஓ’. இந்தப் பயன்களையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்த்தால் பொதுவான ஒரு குணம் தெரியும். ‘ஓ’ பல வாய்ப்புகளை நம் முன்னால் வரிசையாக வைக்கிறது. அவற்றில் ஒன்று உண்மை, எதுவென்று பேசுகிறவர் அறியார் என்று விட்டுவிடுகிறது. ஆக, ‘யாரோ’ என்பது ஒரு பெரிய ‘அல்லது’ வரிசையின் சுருக்கம். பத்துத் தறிக்காரரில் “யாரோ வந்தார்” என்றால் பசீரோ, பாறூக்கோ, மூன்றாமவரோ என்று பத்தாமவர் வரைக்கும் போகிற வரிசையில் ஒருவர் வந்தார் என்று பொருள்.

‘உம்’ இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கிறது. அது ‘அல்லது’ வரிசையை ‘மேலும்’ வரிசையாக்குகிறது. “யாரும் வரவில்லை” என்பதை விரித்தால் பசீரும் வரவில்லை, பாறூக்கும் வரவில்லை, மூன்றாமவரும் வரவில்லை என்று பத்துப் பேருக்கும் தனித்தனியே ‘இல்லை’ விழும்.

இப்போது சர்ச்சைக்குரிய வாக்கியத்தை இதேபோல விரித்துப் பாருங்கள். “யாரோ வரவில்லை” என்றால் பசீரோ வரவில்லை, பாறூக்கோ வரவில்லை என்று போகிற வரிசையில் ஒன்று உண்மை. அதாவது, வராத ஆள் ஒருவர் இருக்கிறார். அவர் இன்னார் என்று எனக்குத் தெரியாது. இதில் முரண்பாடு எங்கேயும் இல்லை. எதிர்மறை வினைமுற்று தன் வேலையைச் செய்திருக்கிறது, ‘யாரோ’ தன் வேலையைச் செய்திருக்கிறது. ‘யாரோ’ மட்டும் ‘இல்லை’யின் பிடிக்குள் சிக்காமல் வெளியே நிற்கிறது. மொழியியலார் இதை எதிர்மறையின் வீச்சு என்று பேசுவார்கள். ‘யாரும்’ போன்ற சொல் ‘இல்லை’யோடு கைகோத்து ‘ஒருவர்கூட இல்லை’ என்ற பொருளைத் தரும். ‘யாரோ’ வழக்கமாக அந்த வீச்சுக்கு மேலே நின்றுகொள்ளும்.

கணக்காகப் போட்டால் வேறுபாடு இன்னும் துலங்கும். பத்துப் பேரில் ஒவ்வொருவரும் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். அப்படியானால் ஒரு நாளின் வரவுப் பதிவு 2 x 2 x 2 என்று பத்து முறை பெருக்கி, 1024 வகையில் அமையலாம். “யாரும் வரவில்லை” என்பது அந்த 1024இல் ஒரே ஒரு பதிவுக்கு மட்டும் பொருந்தும். பத்துப் பேரும் வந்த ஒரு பதிவைத் தவிர மீதி 1023 பதிவுகளிலும் வராத ஆள் ஒருவராவது இருக்கிறார். தருக்கப்படி பார்த்தால் அத்தனையிலும் “யாரோ வரவில்லை” உண்மைதான். ஐந்தாறு பேர் இல்லாதபோது நாம் அப்படிச் சொல்ல மாட்டோம், “நிறையப் பேர் வரல்ல” என்போம். அது பேச்சு நாகரிகம். பொருளின் எல்லை அதனால் மாறிவிடாது. ஆகவே இவ்விரு வாக்கியங்களும் ஒன்றுக்கொன்று மாற்றாக முடியாது. ஒன்றைப் பிழையென்று அடித்து மற்றதை எழுதிக்கொடுத்தால் சொன்னவரின் கருத்தையே மாற்றிவிடுகிறோம்.

‘அல்லது’க்கும் ‘இல்லை’க்கும் உள்ள இந்த உறவை 19ஆம் நூற்றாண்டில் விதியாக எழுதிவைத்த ஆங்கிலேயக் கணிதர்களில் ஒருவர் அகஸ்டஸ் டி மோர்கன். ‘அ அல்லது ஆ’ என்ற முழுவதையும் மறுத்தால் ‘அவும் இல்லை, ஆவும் இல்லை’ என்று ஆகும் என்பது அவர் பெயரால் வழங்கும் விதி. அவர் 1806இல் மதுரையில் பிறந்தவர். கைக்குழந்தையாகவே கப்பலேற்றிக் கொண்டுபோய்விட்டார்கள், தமிழ் கற்றிருக்க வாய்ப்பில்லை. கற்றிருந்தால் வியந்திருப்பார். ஆங்கிலத்தில் ‘அல்லது’வுக்கான சொல்லை எதிர்மறைக்குள் வைத்தால் அவருடைய விதிப்படி ‘இரண்டும் இல்லை’ என்ற பொருள் தானாக வந்துவிடும். தமிழின் ‘ஓ’ அதற்கு இடம் கொடுப்பதில்லை. “பசீரோ பாறூக்கோ வரவில்லை” என்றால் இருவரில் ஒருவர் வரவில்லை என்றுதான் கேட்கிறவர் எடுத்துக்கொள்வார். இருவரும் இல்லையென்று சொல்ல “பசீரும் வரல்ல, பாறூக்கும் வரல்ல” என்று ‘உம்’மை அழைக்க வேண்டும்.

சரி, ‘யாரோ வரவில்லை’ சரியான தமிழ் என்றே கொள்வோம். அப்படியானால் “நேற்று நான் எங்கேயோ போகவில்லை” என்ற வாக்கியம் ஏன் காதைக் கடிக்கிறது? இதுவும் அதே அமைப்புத்தானே?

இங்கேதான் விஷயம் சுவைக்கிறது. ‘ஓ’ போட்ட சொல் எதிர்மறையோடு வந்தால் அது கேட்கிறவரிடம் இரண்டு நிபந்தனைகளை வைக்கிறது. முதலாவது, இல்லாமை கண்ணில் படுவதற்கு ஓர் எதிர்பார்ப்பு இருக்க வேண்டும். நெசவுச் சாலையில் பத்துப் பேர் வரவேண்டும் என்ற கணக்கு இருக்கிறது, அதனால்தான் ஒருவர் குறைவது செய்தி. நேற்று நான் போகாத இடங்களோ எண்ணிலடங்கா. பதுளைக்குப் போகவில்லை, பாரிசுக்குப் போகவில்லை. அவற்றில் ஏதோ ஓர் இடத்துக்குப் போகவில்லை என்று சொல்வது எந்தச் செய்தியையும் தராது. இரண்டாவது நிபந்தனை, பேசுகிறவருக்கு அது எது, எவர் என்று தெரியாமல் இருக்க வேண்டும். நான் போகாத இடம் எனக்கே தெரியாது என்பது வழக்கத்தில் நடக்காத காரியம்.

இந்த இரண்டையும் நிறைவேற்றிக் கொடுத்துப் பாருங்கள். கலியாண அழைப்புக் கொடுக்க ஏழு வீட்டுக்குப் போகச் சொல்லி அனுப்புகிறார்கள். திரும்பி வந்தவர் பையைப் பார்க்கிறார், ஒரு கார்ட் மிச்சம். “உம்மா, எங்கயோ ஒரு வீட்ட போகல்ல” என்கிறார். இப்போது யார் காதும் கடிக்காது. ஏழு வீடு என்ற பட்டியல் இருக்கிறது, எது விடுபட்டது என்பது மறந்துபோயிருக்கிறது. ‘ஒரு வீட்ட’ என்ற ஒட்டும் உதவுகிறது, ஏனென்றால் குறிப்பிட்ட ஒன்றைச் சொல்கிறேன் என்பதை அது உறுதிப்படுத்துகிறது. ஆகவே காதைக் கடித்த வாக்கியத்திலும் இலக்கணம் கெடவில்லை. அதற்குப் பொருந்துகிற ஒரு சூழல்தான் கிடைக்காமல் இருந்தது.

இதே காரணத்தால்தான் “யாரோ கதவப் பூட்டல்ல” என்பது தயக்கமில்லாமல் வாயில் வருகிறது. கதவு திறந்து கிடக்கிறது, பூட்டவேண்டியவர் வீட்டில் இருக்கிற நாலைந்து பேரில் ஒருவர். வகுப்பறையில் ஆசிரியர் ஒரு பிள்ளையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே “யாரோ இன்னும் வீட்டுவேலை செய்யல்ல போல இரிக்கே” என்பார். அவருக்கு ஆள் தெரியும், அந்தப் பிள்ளைக்கும் தெரியும். தெரியாததுபோலக் காட்டுவதில்தான் குத்தல் இருக்கிறது. ‘ஓ’வுக்குள் அறியாமை என்ற பொருள் உறுதியாக இருப்பதனால்தான் அந்த நடிப்பு பலிக்கிறது.

‘ஓ’வும் எதிர்மறையும் ஒட்டாது என்று இன்னும் சொல்கிறவருக்கு ‘ஏனோ’ ஒன்றே போதும். “ஏனோ அவர் வரல்ல.” இதைவிட இயல்பான தமிழ் இல்லை. ஒரு காரணம் இருக்கிறது, அது எனக்குத் தெரியாது, அதனால் அவர் வரவில்லை. காரணம் எதிர்மறைக்கு வெளியே நிற்கிறது. ‘ஏதோ’வும் அப்படியே. மோட்டார் சைக்கிளின் சத்தம் மாறியதும் “ஏதோ சரியில்ல” என்கிறோம். “எதுவும் சரியில்ல” என்றால் வண்டியையே விற்றுவிட வேண்டியதுதான்.

ஒரே ஒரு இடத்தில் ‘யாரோ’ உண்மையிலேயே எதிர்மறையின் கைக்குள் போய்விடுகிறது. “அவன் யாரோ அல்ல, என்ட தம்பி.” இங்கே ‘யாரோ’ வாக்கியத்தின் எழுவாயாக இல்லை, பயனிலையாக இருக்கிறது. முன்பின் தெரியாத ஆள், அந்நியன் என்ற பொருளில் அது கெட்டிப்பட்டுவிட்டது. அந்த அந்நியத்தன்மையைத்தான் ‘அல்ல’ மறுக்கிறது. மற்றபடி “நான் யாரையோ பார்க்கவில்லை” என்று சொல்லி, ‘ஒருவரையும் பார்க்கவில்லை’ என்ற பொருளை எதிர்பார்த்தால் கிடைக்காது. அந்தப் பொருளுக்கு அது பிழைதான், அதில் சந்தேகமில்லை.

‘ஆவது’ இந்தக் கதையில் மூன்றாவது ஆள். அது சும்மா ஒரு கூற்று வாக்கியத்தில், நடந்து முடிந்த செய்தியில் நிற்க மறுக்கும். “யாராவது வரவில்லை” என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் வினாவிலும் நிபந்தனையிலும் அதற்கு நல்ல இடம் உண்டு. நெசவுச் சாலைக்கே திரும்பி, ஒரு கூட்டுறவுச் சங்கக் கூட்டத்தைக் கற்பனை செய்யுங்கள். “யாராவது வராவிட்டால் கூட்டம் நடக்காது” என்று அறிவித்தால் ஒருவர் தவறினாலும் கூட்டம் நின்றுவிடும். “யாரும் வராவிட்டால் கூட்டம் நடக்காது” என்றால் ஒருவர் வந்தாலும் கூட்டம் நடக்க வழியுண்டு. பலகையில் எழுதுகிறவர் ஒரு சொல்லை மாற்றிவிட்டால் சங்கத்தின் விதியே மாறிவிடும். “யாரோ வராவிட்டால்” என்று எழுதினால் மட்டும் வாசிப்பவர் நின்று யோசிப்பார். நிபந்தனை என்பது இன்னும் நடக்காத, எந்த ஆளையும் குறிக்காத ஒன்று. குறிப்பிட்ட ஓர் ஆளைத் தேடுகிற ‘ஓ’வுக்கு அங்கே பிடிமானம் இல்லை.

நம் பழைய இலக்கணிகள் இதைத் தொட்டார்களா? தொல்காப்பியம் ஓகாரத்துக்கு ஆறு பொருள் சொல்கிறது: பிரிநிலை, வினா, எதிர்மறை, ஒழியிசை, தெரிநிலை, சிறப்பு. நன்னூல் கழிவையும் அசைநிலையையும் சேர்த்து எட்டாக்குகிறது. ‘யாரோ’வில் இருக்கிற அறியாமைப் பொருளுக்கென்று இரண்டிலும் தனிப்பெயர் இல்லை. ஆனால் எதிர்மறையின் வீச்சை அவர்கள் ‘உம்’மில் கண்டுபிடித்துவிட்டார்கள். முற்றும்மை சில இடங்களில் எச்சமாகவும் ஆகும் என்ற விதி இரண்டு நூல்களிலும் இருக்கிறது. ‘எல்லாரும் வரவில்லை’ என்றால் சிலர் வந்தார்கள் என்றும் படும், பத்தையும் கொடுக்காதே என்றால் சிலவற்றைக் கொடு என்றும் படும் என்ற வகையில் உரைகாரர்கள் அதை விளக்கினார்கள். ‘இல்லை’ எந்தச் சொல்லைப் பிடிக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதுதான் அந்த விதியின் உள்ளடக்கம். அந்தப் பார்வையை ‘ஓ’வுக்கு நீட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

இன்று வழங்கும் தமிழை அதன் போக்கிலேயே விவரிக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தவர்களில் ஒருவர் மருதமுனைக்குத் தெற்கே, கல்முனைக்குடியில் பிறந்தவர். மொழியியல் அறிஞர் எம். ஏ. நுஃமான் 1999இல் வெளியிட்ட ‘அடிப்படைத் தமிழ் இலக்கணம்’ நம் காலத்து எழுத்துத் தமிழை முன்னால் வைத்து எழுதப்பட்டது. இந்தக் கரையின் ஆசிரியர்கள் ‘யாரோ’ போன்ற ஒரு சிக்கலில் மாட்டினால், நன்னூலை மட்டும் புரட்டாமல் அப்படிப்பட்ட ஒரு நூலையும் கையில் எடுப்பது நல்லது.

தமிழ் மட்டும் இப்படி வினோதமாக நடந்துகொள்ளவில்லை. மலையாளத்தில் ‘ஆரோ’, ‘ஆரும்’ என்று இதே இரட்டை அப்படியே இருக்கிறது. மொழியியலார் கே. ஏ. ஜயசீலன் வினா, ‘அல்லது’, ‘யாரோ’ மூன்றிலும் வரும் மலையாள ‘ஓ’ ஒன்றே என்று காட்டி எழுதினார். தொடர்பே இல்லாத ஜப்பானிய மொழியிலும் வினாவுக்கும் ‘அல்லது’வுக்கும் வருகிற ‘கா’ சேர்ந்து ‘தரெகா’ என்றால் யாரோ. நம் ‘உம்’மைப் போன்ற ‘மோ’ சேர்ந்து, எதிர்மறை வினையோடு ‘தரெமோ’ வந்தால் ஒருவரும் இல்லை. ‘தரெகா’வை எதிர்மறையோடு சேர்த்தால் கிடைப்பது நம் ‘யாரோ வரவில்லை’யின் பொருள்தான்.

பக்கத்து மொழியான சிங்களமும் இதே வழியில் போகிறது. அங்கே ‘கவுத ஆவே?’ என்றால் யார் வந்தது என்ற கேள்வி. வினையின் ஈறு மட்டும் மாறி ‘கவுத ஆவா’ என்றானால் யாரோ வந்தார். ஒருவரும் வரவில்லை என்பதற்கு ‘கவுருவத்’ என்ற வேறு சொல் வருகிறது. அம்பாறையில் தமிழ் படிக்கிற சிங்கள உத்தியோகத்தருக்கு இது பெரிய உதவி. கேள்வியல்லாத வாக்கியத்தில் ‘கவுத’ இருக்கும் இடத்தில் ‘யாரோ’, ‘கவுருவத்’ இருக்கும் இடத்தில் ‘யாரும்’ என்று தம் மொழியிலிருந்தே பாதை பிடித்துக்கொள்ளலாம். ‘எதிர்மறையில் யாரோ வராது’ என்ற குறுக்கு விதியைக் கொடுத்தால் அந்தப் பாதையை நாமே அடைத்துவிடுகிறோம்.

ஆகவே விடைத்தாள் திருத்துகிற ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘ஓ’ போட்ட எதிர்மறை வாக்கியத்தைக் கண்டால் சிவப்புப் பேனாவை எடுக்குமுன், அதன் பின்னால் “யார் என்று தெரியாது” என்று சேர்த்து வாசித்துப் பாருங்கள். “யாரோ வரவில்லை, யார் என்று தெரியாது” என்று அது ஒழுங்காக ஓடினால் வாக்கியம் சரி. “நான் யாரையோ பார்க்கவில்லை, யார் என்று தெரியாது” என்பதுபோல இடறினால், மாணவர் சொல்ல வந்தது என்ன என்று கேளுங்கள். ஒருவரையும் பார்க்கவில்லை என்பதுதான் அவர் கருத்தென்றால், ‘யாரையும்’ என்று திருத்திவிடுங்கள்.